பெரிய ஃபோன், ஒரே கட்டைவிரல்: கீபோர்டை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைக்கணும்?

காலை ஒன்பதரை மணி. பெங்களூரு மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் நிற்கிறீங்க. இடது கை மேலே கைப்பிடியில், முதுகில் லேப்டாப் பை. வலது கையில் 6.7 இன்ச் ஃபோன். "எங்கே இருக்கே?" என்று மேனேஜரிடமிருந்து மெசேஜ் வருது. கட்டைவிரலால் பதில் அடிக்கிறீங்க. `on my way` என்று அடித்தது `onnmynway` என்று விழுது. அதைத் திருத்த விரலை மேலே நீட்டும்போது, வளைவில் வண்டி ஒரு குலுங்கு குலுங்க, ஃபோன் கையிலிருந்து நழுவப் பார்க்குது.

மும்பை லோக்கல், டெல்லி மெட்ரோ, ஹைதராபாத் ஷேர் ஆட்டோ என்று எங்கே வேலைக்குப் போனாலும் இதே கதைதான். "எனக்கு டைப்பிங்கே வரலை" என்று நாம் நம்மையே திட்டிக்கறோம். உண்மையில் பாதிக்கு மேல் தப்பு கீபோர்டு இருக்கும் இடத்தில்தான் இருக்கு. அதை மாற்றப் போதுமான செட்டிங் எல்லா ஃபோனிலும் இருக்கு. ஆனால் எதை மாற்றணும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருகினால், இருந்ததை விட மோசமாகத்தான் ஆகும்.

ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013-ல் ஒரு வேலை செய்தார். தெருவிலும் பஸ்ஸிலும் கடைகளிலும் ஃபோன் பயன்படுத்திக்கொண்டிருந்த 1,333 பேரைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையில் பிடித்து அதே கைக் கட்டைவிரலால் இயக்கினார்கள். அன்றைய ஃபோன்கள் இன்றைய அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. கையும் விரலும் மட்டும் அதே அளவில் இருக்கு.

ஒரே பேர், ரெண்டு வேற வேற வசதி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். 'ஒன்-ஹேண்டட் மோட்' என்ற பெயரில் உங்க ஃபோனில் ரெண்டு தனித்தனி வசதிகள் இருக்கலாம்.

ஒன்று, திரை முழுவதற்குமானது. ஆண்ட்ராய்டு 12-ல் கூகுள் இதைச் சேர்த்தது. `Settings > System > Gestures > One-handed mode` போய் ஆன் செய்தால், திரையின் அடி விளிம்பில் கீழ்நோக்கி இழுக்கும்போது மேல் பாதி கீழே இறங்கி வரும். ஐஃபோனில் இதற்கு ரீச்சபிலிட்டி என்று பேர். `Settings > Accessibility > Touch > Reachability`-ல் இருக்கும். சாம்சங்கில் `Settings > Advanced features > One-handed mode`. அங்கே திரை கீழே இறங்காது. மொத்தத் திரையும் சுருங்கி ஒரு மூலைக்கு வந்துடும்.

இது எதற்கு என்றால், மேலே உள்ள பட்டன்களைத் தொட. டைப் செய்ய இது உதவாது. சாம்சங்கில் இதை ஆன் செய்து டைப் செய்துபார்த்தால் தெரியும்: திரையோடு சேர்ந்து கீபோர்டும் சுருங்கி, ஒவ்வொரு கீயும் பொடிப்பொடியாகிடும். "ஒன்-ஹேண்டட் மோட் போட்டுப் பார்த்தேன், சரிப்படலை" என்று சொல்பவர்கள் பல பேர் போட்டுப் பார்த்தது இந்த மோடைத்தான்.

ரெண்டாவது, கீபோர்டுக்கு மட்டுமானது. திரை அப்படியே இருக்கும், கீபோர்டு மட்டும் வலது பக்கமோ இடது பக்கமோ ஒதுங்கும். நமக்கு வேண்டியது இதுதான். இது கீபோர்டு ஆப்புக்குள்ளே இருக்கும்.

ஜிபோர்டில், கீபோர்டின் மேல் பட்டையில் நாலு கட்டம் போட்ட ஐகானைத் தொடுங்க. அதில் `One-handed` இருக்கும். பக்கத்திலேயே `Resize` இருக்கும், அதுக்குப் பிறகு வரலாம். சாம்சங் கீபோர்டில் மேல் பட்டையின் மூன்று புள்ளியைத் தொட்டு `Modes`-ல் போய் ஒரு கை கீபோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஐஃபோனில் ஸ்மைலி கீயையோ உருண்டை கீயையோ அழுத்திப் பிடித்தால், கீழே மூன்று குட்டிக் கீபோர்டு படம் வரும். வலது, நடு, இடது. வேண்டியதைத் தொட்டால் போதும். மைக்ரோசாஃப்ட் ஸ்விஃப்ட்கீயிலும் இதே வசதி உண்டு. அதில் `Thumb` என்று ஒரு மோட் வரும், பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. அது கீபோர்டை ரெண்டாகப் பிளந்து இரண்டு கட்டைவிரலுக்குக் கொடுப்பது.

முதலில் தப்பைப் படிங்க

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால் மூணு நிமிஷம் ஒரு சோதனை செய்யணும். இதைச் செய்யாமல் மாற்றுவது, எங்கே வலிக்குது என்று கேட்காமலேயே மாத்திரை கொடுக்கற மாதிரி.

ஆட்டோ கரெக்ட்டை நிறுத்துங்க. ஜிபோர்டில் அது செட்டிங்ஸுக்குள் இருக்கு. அது ஆன்-ல் இருந்தால் உங்க தப்பையெல்லாம் பூசி மெழுகிடும், விரல் எங்கே விழுகிறது என்றே தெரியாது. பிறகு நோட்ஸ் ஆப்பைத் திறந்து, நிஜமாகவே நின்றுகொண்டு, நிஜமாகவே ஒரு கையில் பிடித்து, இந்த வாக்கியத்தை மெசேஜ் அடிக்கும் வேகத்தில் சில தடவை அடிங்க. திருத்தாதீங்க.

```
I am at Majestic and will call back at quarter past ten
```

இதில் இடது ஓர எழுத்தான `a` பல தடவை வருது, `q` ஒரு தடவை வருது. ஸ்பேஸ் பதினோரு தடவை வருது. வலது கைக்காரருக்கு இப்படி வந்தது என்று வச்சுக்கங்க:

```
I am at Majesticnand will call backnat quarter past ten
I sm at Majestic andnwill call back stnquarter past ten
```

தப்பை எண்ணுங்க. நாலு இடத்தில் ஸ்பேஸ் விழவேண்டிய இடத்தில் `n` விழுந்திருக்கு. ரெண்டு இடத்தில் `a`-வுக்குப் பதில் `s`. நடுவில் உள்ள எழுத்துகளில் ஒரு தப்புகூட இல்லை. ஆக இவருக்கு டைப்பிங் நன்றாகவே வருது. ரெண்டு பிரச்சினை மட்டும் இருக்கு, ரெண்டும் வேற வேற.

`s` விழுவது எட்டாததால். விரல் இடது ஓரம் வரை போகாமல் ஒரு கீ முன்னாடியே நின்றுடுது. இதற்குத்தான் ஒன்-ஹேண்டட் மோட். இடது கைக்காரராக இருந்தால் இதுவே மறுபக்கம் நடக்கும்: `p`-க்குப் பதில் `o`, `l`-க்குப் பதில் `k`.

`n` விழுவது அப்படி இல்லை. ஸ்பேஸ் பார் தூரத்தில் இல்லை, ரொம்பக் கீழே இருக்கு. விரல் அவ்வளவு கீழே மடங்காமல், ஸ்பேஸுக்கு நேர் மேலே உள்ள `n`, `b`, `v`-யில் போய் விழுது. இது பெரிய ஃபோனுக்கே உரிய வியாதி. இதற்கு ஒன்-ஹேண்டட் மோட் ஒன்றும் செய்யாது. இதைத்தான் பெரும்பாலானோர் கவனிக்கிறதே இல்லை.

ஏன் கீழே எட்டலை?

ஒரு நீளமான ஃபோனை ஒரு கையில் பிடிக்கும்போது, கீழ் நுனியைப் பிடித்தால் மேல் பாகம் கனத்துச் சாயும். அதனால் கை தானாகவே நடுப்பகுதியை நோக்கி ஏறும். ஏறினால்தான் பேலன்ஸ் வரும். ஆனால் கீபோர்டு திரையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கு. ஆக கட்டைவிரல் தன் அடிமூட்டுக்கும் கீழே வளைந்து வந்து ஸ்பேஸைத் தட்டணும். விரலை நீட்டுவதை விட இப்படி மடக்குவது கடினம். இப்பவே ஃபோனைப் பிடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாருங்க, கட்டைவிரலின் அடிமூட்டு இறுகுவது தெரியும்.

இதைச் சமாளிக்க நாம் என்ன செய்கிறோம்? கையைக் கீழே இறக்கி, சுண்டு விரலை ஃபோனுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, மொத்த எடையையும் அதன்மேல் வைக்கிறோம். டைப்பிங் சரியாகுது, பிடி போயிடுது. மெட்ரோவில் ஃபோன் விழும் நேரம் பெரும்பாலும் இதுதான்.

தீர்வு எளிது. கையைக் கீழே இறக்குவதற்குப் பதில் கீபோர்டை மேலே தூக்குங்க.

ஜிபோர்டில் முன்பு சொன்ன `Resize`-ஐத் தொட்டால் கீபோர்டைச் சுற்றி ஒரு சட்டம் வரும். விளிம்புகளை இழுத்து அளவை மாற்றலாம், மொத்தமாக நகர்த்தி மேலேயும் தூக்கலாம். சாம்சங் கீபோர்டில் செட்டிங்ஸுக்குள் `Size and transparency` இருக்கு, அங்கேயும் இதே மாதிரி விளிம்புகளில் பிடி வரும். முதலில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் தூக்குங்க. கீழே ஒரு வெற்றுப் பட்டை விழும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ரெண்டு நாளில் பழகிடும்.

ஐஃபோனில் ஆப்பிளின் சொந்தக் கீபோர்டுக்கு உயர செட்டிங் கிடையாது. ஆனால் ஹோம் பட்டன் இல்லாத மாடல்களில் ஸ்மைலியும் மைக்கும் கீபோர்டுக்கு அடியில் தனி வரியாக இருப்பதால், ஸ்பேஸ் பார் ஏற்கெனவே கொஞ்சம் மேலேதான் நிற்கும். அங்கே இந்தப் பிரச்சினை அவ்வளவு கடுமையாக இருக்காது.

தூக்குவதில் ஒரு உப லாபமும் உண்டு. அடி விளிம்பில் கீழ்நோக்கி இழுத்தால் திரை இறங்கும் என்று பார்த்தோமே, ஸ்பேஸ் பார் விளிம்பை ஒட்டி இருக்கும்போது வேகமாகத் தட்டும் விரல் சறுக்கி அதை எழுப்பிவிடும். டைப் செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று திரை கீழே சரிவது இதனால்தான். கீபோர்டு ஒரு சென்டிமீட்டர் மேலே ஏறினால் அந்தத் தொல்லையும் குறையும்.

தூக்கிய பிறகு அதே வாக்கியத்தை மறுபடி அடிங்க. `n` போயிடுச்சா என்று மட்டும் பாருங்க. போகலைன்னா இன்னும் அரை சென்டிமீட்டர். மாறாக, மேல் வரிசை எழுத்துகளில் புதுசாகத் தப்பு வர ஆரம்பித்தால், அதிகமாகத் தூக்கிட்டீங்க என்று அர்த்தம்.

இப்போ அகலம்: ஒரு சின்னக் கணக்கு

`a`-வுக்கு `s` விழுவது இன்னும் பாக்கி இருக்கு. இங்கேதான் ஒன்-ஹேண்டட் மோட் வரும். ஆனால் அது இலவசமாக எதையும் கொடுக்காது.

6.7 இன்ச், 20:9 விகிதத் திரையின் அகலம் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர். ஆங்கிலக் கீபோர்டின் மேல் வரிசையில் பத்து கீ. ஆக ஒரு கீக்கு 7 மி.மீ. வலது விளிம்பிலிருந்து `q`-வின் நடுப்புள்ளி 66.5 மி.மீ. தூரத்தில் இருக்கும்.

இப்போ கீபோர்டை வலது பக்கம் ஒதுக்கி 58 மி.மீ. அகலமாக்குகிறோம் என்று வச்சுக்கங்க. `q` இப்போ 55 மி.மீ. தூரத்துக்கு வந்துடும். அதாவது கட்டைவிரலுக்கு 11 மி.மீ.க்கு மேல் மிச்சம். ஆனால் ஒரு கீயின் அகலம் 5.8 மி.மீ. ஆகிடுச்சு. தொடுதிரையில் ஒரு பட்டன் ஏறத்தாழ 9 மி.மீ. இருக்கணும் என்பது ஆண்ட்ராய்டு ஆப் செய்பவர்களுக்கு கூகுள் சொல்லும் அளவுகோல். முழு அகலக் கீபோர்டே அந்த அளவை எட்டலை. நாம் அதையும் குறைக்கிறோம்.

அதனால் எட்டுவதற்குத் தேவையான அளவு மட்டும் குறைங்க, அதற்கு மேல் வேண்டாம். ஜிபோர்டில் ஒன்-ஹேண்டட் மோட் போட்டதும் பக்கத்துக் காலிப் பட்டையில் சில ஐகான் வரும். ஒன்று முழு அகலத்துக்குத் திரும்ப, ஒன்று மறுபக்கம் மாற்ற, இன்னொன்று அளவை மாற்ற. அளவு மாற்றும் ஐகானைத் தொட்டு, கீபோர்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கி, `a`-வும் `q`-வும் சரியாக விழும் கடைசி அகலத்தில் நிறுத்துங்க.

அதிகமாகக் குறைத்துவிட்டால் அதையும் தப்பே காட்டிக்கொடுக்கும். முன்பு நடு எழுத்துகளில் தப்பே இல்லை என்று பார்த்தோம். இப்போ `e`-க்கு `r`, `i`-க்கு `o` என்று எல்லாப் பக்கமும் பக்கத்து எழுத்து விழுந்தால், கீ உங்க விரலுக்குச் சின்னது. இன்னொரு அடையாளம், வலது ஓரத்தில் `l`, `p`, பேக்ஸ்பேஸ் எல்லாம் குழம்புவது. வலது பக்கம் ஒட்டிய கீபோர்டில் இந்தக் கீகள் கட்டைவிரலின் அடிப்பக்கத்துக்கே வந்துடும். விரல் நுனியால் தட்ட முடியாமல் பக்கவாட்டால் தட்டுவீங்க. தடித்த கேஸ் போட்டிருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். அகலத்தைக் கூட்டிப் பாருங்க. அப்படியும் சரியாகலைன்னா, உங்க கைக்கு ஒன்-ஹேண்டட் மோடே வேண்டாம், தூக்கி வைத்ததே போதும் என்று எடுத்துக்கலாம். விரல் நீளமானவர்கள் நிறைய பேருக்கு அதுதான் முடிவாக இருக்கும்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு

மேலே போட்ட கணக்கு ஆங்கில எழுத்துக்கு. தங்கிலீஷில் அடிப்பவர்களுக்கும், ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கும் அது அப்படியே பொருந்தும்.

நேரடியாகத் தமிழ் எழுத்துக் கீபோர்டில் அடிப்பவர்கள் கதை வேற. தமிழ்99 முறையின் மேல் வரிசையில் 'ஆ'-வில் தொடங்கி 'ஞ' வரை பன்னிரண்டு எழுத்து. ஃபோன் கீபோர்டுகளில் ஆப்புக்கு ஆப்பு இது கொஞ்சம் மாறும், உங்களுடையதில் எண்ணிப் பாருங்க. பன்னிரண்டு என்றால், முழு அகலத்திலேயே ஒரு கீக்கு 5.8 மி.மீ.தான். அதாவது ஆங்கிலத்தில் ஒன்-ஹேண்டட் மோட் போட்டால் என்ன அளவோ, அதுதான் தமிழில் உங்க ஆரம்ப அளவே. அதன்மேல் 58 மி.மீ. ஆகச் சுருக்கினால் 4.8 மி.மீ. ஆகிடும். 'ன'வும் 'ட'வும் 'ண'வும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வரிசையில் 4.8 மி.மீ. என்பது சோதனைதான்.

என் யோசனை: தமிழ் எழுத்துக் கீபோர்டில் அகலத்தைத் தொடாதீங்க. மேலே தூக்குங்க, உயரத்தை ஒரு படி கூட்டுங்க. அகலத்தில் குறைவதை உயரத்தில் ஓரளவு ஈடுகட்டலாம். மேல்-கீழ் தப்பு குறைந்தால், மிச்சம் இருக்கும் பக்கத்து எழுத்துத் தப்பை வார்த்தைப் பரிந்துரை ஓரளவு பிடிச்சுடும். நின்றுகொண்டு ஒரு கையில் அடிக்கும்போது மட்டும் ஆங்கில எழுத்து வழி தமிழுக்கு மாறிக்கொள்வதும் நல்ல ஏற்பாடுதான். உட்கார்ந்தால் ரெண்டு கை இருக்கு.

உயரம்: கூட்டினால் நல்லதுதானே?

உயரத்தைப் பற்றிப் பொதுவான எண்ணம், பெருசாக்கினால் தப்பு குறையும் என்பது. ஓரளவு வரைதான் அது உண்மை.

ஜிபோர்டில் `Resize`-இன் மேல் விளிம்பை இழுத்து உயரத்தை மாற்றலாம். செட்டிங்ஸில் `Preferences`-க்குள் `Keyboard height` என்று தனியாக இருந்தால், `Extra-short` முதல் `Extra-tall` வரை படிகள் இருக்கும். ஒவ்வொரு வரிசையும் 1 மி.மீ. கூடியது என்று வச்சுக்கங்க. நாலு வரிசை, ஆக மேல் வரிசை 4 மி.மீ. தள்ளிப் போயிடும். எண் வரிசையையும் ஆன் செய்து வைத்திருந்தால் அது ஐந்தாவது வரிசை. ஒரு கையில் `1`-ஐத் தொடுவது மூலைக்கு மூலை பயணம்.

எனக்குப் பட்டது, ஒரு கைக்கு எண் வரிசையை ஆஃப் செய்வதே மேல். மேல் வரிசை எழுத்தை அழுத்திப் பிடித்தால் எண் வரும். ஆனால் நாள் முழுக்கத் தொகையும் இன்வாய்ஸ் எண்ணும் அடிக்கிற வேலை உங்களுக்கு என்றால், இதைக் கேட்காதீங்க.

மேல் விளிம்பு எங்கே நிற்கணும் என்பதற்கு அளவுகோல் உங்க கட்டைவிரல்தான். ஃபோனைச் சுண்டு விரல் முட்டு இல்லாமல், நடுவில் பிடித்து, பிடியை மாற்றாமல் கட்டைவிரலை மேல்-கீழாகச் சுழற்றுங்க. மேலே அது சிரமமின்றித் தொடும் இடம்தான் கீபோர்டின் மேல் வரிசைக்கு எல்லை. கீழே சிரமமின்றித் தொடும் இடம்தான் ஸ்பேஸ் பாருக்கு எல்லை. இந்த ரெண்டுக்கும் நடுவே எவ்வளவு இடமோ, அதுதான் உங்க கீபோர்டின் உயரம். தூக்கிய பிறகு உயரத்தைக் கூட்டாமல், சில சமயம் ஒரு படி குறைக்கவே வேண்டியிருக்கும்.

ரொம்ப உயரமாக வைத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. சாட்டில் முந்தைய மெசேஜ் தெரியாது. எதற்குப் பதில் எழுதறோம் என்று பார்க்க கீபோர்டை மூடி மூடித் திறப்பீங்க. தூக்கி வைத்த வெற்றுப் பட்டையும் இந்த இடத்தைத்தான் தின்னும் என்பதை மறந்துடாதீங்க.

எட்டும் தூரத்துக்குள் இன்னும் சில

எழுத்து சரியாக விழ ஆரம்பித்தாலும், நடுவில் ஒரு தப்பைத் திருத்த விரலைத் திரையின் மேல் பாகம் வரை நீட்டினால் பிடி மறுபடி போயிடும். அதற்கு ஸ்பேஸ் பாரே போதும். ஜிபோர்டில் ஸ்பேஸ் பார்மேல் விரலை இடதும் வலதுமாக நகர்த்தினால் கர்சர் நகரும். ஐஃபோனில் ஸ்பேஸை அழுத்திப் பிடித்தால் கீபோர்டு முழுவதும் டச்பேட் மாதிரி ஆகிடும். ஜிபோர்டில் பேக்ஸ்பேஸிலிருந்து இடது பக்கம் இழுத்தால் வார்த்தை வார்த்தையாக அழியும். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அழிக்கவேண்டியதில்லை.

அடுத்தது எண்டர் கீ. வாட்ஸ்அப்பில் `Settings > Chats`-ல் `Enter is send` என்று ஒரு ஸ்விட்ச் இருக்கு. அது ஆன்-ல் இருந்தால் ஆஃப் செய்துடுங்க. கீபோர்டை வலது பக்கம் ஒதுக்கினதும் எண்டர் கீ உங்க கட்டைவிரலின் சதைக்கு அடியில் வந்துடும். பாதி எழுதின வாக்கியம், அதுவும் ஆபீஸ் குரூப்பில், தானாகப் போவதற்கு இது ஒன்றே போதும்.

இந்த செட்டிங் எதுவும் எட்டாத இடமும் உண்டு. யுபிஐ பின் கேட்கும் திரையில் வரும் எண்பலகை உங்க கீபோர்டு ஆப் இல்லை. அது பின் அடிப்பதற்கென்றே தனியாக வருவது. நீங்க எப்படி ஒதுக்கி வைத்திருந்தாலும் அது முழு அகலத்தில்தான் வரும். ஐஃபோனில் ஜிபோர்டு போட்டிருந்தால் பாஸ்வேர்டு அடிக்கும் இடத்தில் அது விலகி, ஆப்பிளின் கீபோர்டு வந்துடும். பணம் அனுப்பும் இடத்தில் தப்பாகத் தட்டுவதைவிட, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ரெண்டு கையால் அடிக்கலாம்.

இன்னொன்று, கேட்காமலேயே கீபோர்டு ஒரு பக்கம் ஒதுங்கிடுச்சு என்று பயந்துபோய் சர்வீஸ் சென்டர் வரை போகிறவர்கள் உண்டு. ஏதோ ஒரு கீயை அழுத்திப் பிடித்தபோது தவறுதலாக ஒன்-ஹேண்டட் மோட் ஆன் ஆகியிருக்கும். பக்கத்துப் பட்டையில் இருக்கும் விரிக்கும் ஐகானைத் தொட்டால் பழையபடி வந்துடும். ஐஃபோனில் அந்த இடத்தில் அம்புக்குறி மாதிரி ஒன்று இருக்கும்.

வலி இருந்தால்

கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் வலி, எதையாவது தூக்கும்போதோ மூடியைத் திருகும்போதோ சுருக்கென்று குத்துவது, இது இருக்கிறவர்கள் கீபோர்டை மாற்றிப் பார்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கட்டைவிரலை இயக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுது. அந்த உறை தடித்து வீங்கினால் வருவது 'டி குவர்வெய்ன்' என்ற பாதிப்பு. திரும்பத் திரும்பக் கட்டைவிரலை விரித்து மடக்குவது அதைக் கிளப்பிவிடும் காரணங்களில் ஒன்று. எலும்பு மருத்துவரைப் பாருங்க. அதுவரை வலிக்கும் கைக்கு ஓய்வு கொடுத்து, குரல் வழி டைப்பிங்கோ மற்றக் கையோ பயன்படுத்துங்க.

கை மாற்றும்போது கீபோர்டையும் மாற்றணும். ஒன்-ஹேண்டட் மோடின் காலிப் பட்டையில் உள்ள அம்பை ஒரு தட்டுத் தட்டினால் கீபோர்டு அந்தப் பக்கம் போயிடும். ஆனால் வலது கைக்குச் சரிசெய்த அகலம் இடது கைக்குச் சரியாக இருக்கும் என்று நம்பாதீங்க. அதே மெஜஸ்டிக் வாக்கியத்தை இடது கையிலும் ரெண்டு தடவை அடித்துப் பாருங்க. இந்தத் தடவை `p`-யையும் `l`-ஐயும் கவனிக்கணும். சரியானதும் ஆட்டோ கரெக்ட்டை மறக்காமல் மறுபடி ஆன் செய்துடுங்க.